அத்தியாயம் 7: நிறம் ஏற்றிய உருவப்படத்துக்குக் குறிப்பு எழுதுவது எப்படி?

திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஸ்ரீநாராயண குருவின் படம் மாட்டாத வாசகசாலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நகரத்தை ஒட்டிய செம்பழந்தியில் பிறந்து, 1928-இல் வர்க்கலை சிவகிரியில் சமாதியானவர் அவர். உயிரோடு இருந்த காலத்தில் அவரைப் புகைப்படம் எடுத்திருக்கிறார்கள். அவை கறுப்பு வெள்ளைப் படங்கள். இன்று சுவர்களில் தொங்குபவையோ பெரும்பாலும் வண்ணப் படங்கள். ஒன்றில் மேலாடை எலுமிச்சை மஞ்சள், அடுத்ததில் காவி, இன்னொன்றில் தும்பைப்பூ வெள்ளை. மூன்றும் ஒரே புகைப்படத்திலிருந்து வந்தவையாகவும் இருக்கலாம். பார்ப்பவருக்கு அது தெரிய வழியில்லை. புகைப்படம் என்றாலே கண்ணால் கண்ட சாட்சி என்று எடுத்துக்கொள்வது நம் எல்லோருக்கும் பழக்கம்.

துணியின் நிறம் இங்கே சின்ன விஷயமல்ல. குரு நெடுங்காலம் வெள்ளையே உடுத்தினார் என்றும், 1918-இல் இலங்கைக்குப் போனபோதுதான் முதன்முதலாகக் காவி உடுத்தினார் என்றும் அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது. மஞ்சளின் கதை வேறு. அது சிவகிரித் தீர்த்தாடனம் போகிறவர்களுக்காக வகுக்கப்பட்ட நிறம். ஆக, 1918-க்கு முந்தைய படம் ஒன்றுக்குக் காவி ஏற்றினால் அவரை அவர் இல்லாத ஒரு காலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். மஞ்சள் ஏற்றினால் அடியவர்களின் ஆடையைக் குருவுக்கு உடுத்துகிறோம். அவர் யார் பக்கம் என்று இன்றும் வழக்காடுகிற ஊரில், ஏற்றுகிற நிறத்தை ஒரு கட்சி எடுத்ததாகவே படிப்பார்கள்.

தமிழ்நாட்டிலும் இது நடந்தது. 2019 ஜூன் மாதம், பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் அட்டையில் பாரதியார் காவி நிறத் தலைப்பாகையோடு வந்தார். புகைப்படங்களில் வெள்ளையாகத் தெரிகிற தலைப்பாகை எப்படிக் காவியானது என்று பெரிய சர்ச்சை எழுந்தது. நிறம் யார் தீர்மானித்தது, எதை வைத்துத் தீர்மானித்தார்கள் என்று அட்டையின் உள்பக்கத்தில் ஒரு வரி அச்சாகியிருந்தால், கேள்வியை எங்கே கேட்பது என்றாவது தெரிந்திருக்கும்.

அந்த ஒரு வரியை எப்படி எழுதுவது, படத்தில் எங்கே வைப்பது, கோப்புக்குள் எப்படிப் பதிப்பது என்பதுதான் இந்த அத்தியாயம். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவரிடம், வாசகசாலைக்காரர்கள் குருவின் பழைய கறுப்பு வெள்ளைப் பிரதி ஒன்றைக் கொண்டுவந்து, பத்துக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் வண்ணப் படமாகக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலை முடியும்வரை அவர் கூடவே போவோம்.

தெரிந்த நிறமும் ஊகித்த நிறமும்

முதல் வேலை, படத்தில் இருக்கும் சாம்பல் நிறங்களை நம்பலாமா என்று பார்ப்பது. பழைய கண்ணாடித் தட்டுகள் நம் கண் பார்ப்பதுபோல் பார்க்கவில்லை. நீல ஒளி அவற்றில் பளிச்சென்று விழும். சிவப்பு அநேகமாகப் பதியவே பதியாது. பிற்பாடு வந்த ஆர்த்தோகுரோமாட்டிக் தட்டுகளுக்குப் பச்சையும் ஓரளவு மஞ்சளும் தெரிந்தன. சிவப்பு அவற்றுக்கும் இருட்டுத்தான். அதனால் பழைய படங்களில் நீலப் புடவை வெளுத்துத் தெரியும். காவித் துணி அடர் சாம்பலாகும். நெற்றிக் குங்குமம் கறுப்புப் பொட்டாகிவிடும். மாநிற முகங்கள் நேரில் இருந்ததைவிடக் கறுத்து விழும்.

இது நமக்கு ஒரு சான்று. பிரதியில் குருவின் மேலாடை பின்னணிச் சுவரைவிட வெளுப்பாகத் தெரிந்தால், அது அடர் காவியாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெயிலில் ஒளி கூடிப்போன படத்தில் வெளிர் மஞ்சளும் வெள்ளையாகிவிடும். அன்றைய ஸ்டுடியோக்காரர்களும் சும்மா இருந்தவர்களல்லர். நெகடிவ் மேலேயே கூர்ப்பென்சிலால் சுருக்கத்தையும் நிழலையும் திருத்தினார்கள். நம் கைக்கு வரும் பிரதி எத்தனையாவது பிரதியோ, யார் கை பட்டதோ தெரியாது.

ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் மூன்றில் ஒரு பெயர் வையுங்கள். எழுத்துச் சான்றோ, இன்றும் இருக்கும் பொருளோ காட்டுகிற நிறம் 'சான்று உள்ளது'. பிரதியின் சாம்பல் அளவு இடம் கொடுக்கிற நிறம் 'பொருந்துவது'. இரண்டும் இல்லாமல் நாம் வைத்தது 'ஊகம்'. நம் உதாரணத்தில் மேலாடை வெள்ளை என்பது 'பொருந்துவது'. தோல் நிறமும் பின்னணிச் சுவரும் 'ஊகம்'. 'சான்று உள்ளது' என்று சொல்ல இந்தப் படத்தில் எதுவும் இல்லை. பெரும்பாலான பழைய படங்களில் நிலைமை இதுதான்.

தானாக நிறம் ஏற்றும் மென்பொருளைப் பயன்படுத்தினால் எல்லாமே 'ஊகம்' என்ற பெயருக்குள் போய்விடும். அது வேறு ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகி, இப்படி இருக்கக்கூடும் என்று வைக்கிற நிறம். இந்த மனிதரின் ஆடையைப் பற்றி அதற்கு எந்தச் செய்தியும் தெரியாது.

லேயர் பிரித்தால் குறிப்பு தானே வரும்

குறிப்பு எழுத முடியாமல் போவதற்குப் பெரிய காரணம் மறதி. மூன்று நாள் வேலை செய்த பிறகு எதை மாற்றினோம் என்று கேட்டால் பாதிதான் நினைவுக்கு வரும். அதனால் போட்டோஷாப்பில் நான்கு லேயர் தொகுதிகளை முதலிலேயே போட்டுவிடுங்கள். அடியில் ஸ்கேன் செய்த படம், கை படாமல். அதன் மேல் 'பழுது': கீறல், கறை, கிழிசல் சரிசெய்தது. அதன் மேல் 'நிறம்': இதில் உள்ள லேயர்கள் எல்லாம் Color என்ற கலப்பு முறையில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலே 'உருவம்': காணாத காதை வரைந்தது, மங்கிய கண்ணைக் கூர்மையாக்கியது, தாடியைச் சீர்செய்தது போன்றவை.

பழுது பார்ப்பதும் உருவத்தை மாற்றுவதும் ஒன்றல்ல. கன்னத்தின் குறுக்கே ஓடும் கோடு தாளின் மடிப்பா, தழும்பா? மடிப்பானால் அது முகத்தைத் தாண்டிப் பின்னணியிலும் ஓடும். தழும்பு முகத்தோடு நின்றுவிடும். மடிப்பை நீக்கினால் 'பழுது', தழும்பை நீக்கினால் 'உருவம்'. சந்தேகம் வந்தால் 'உருவம்' என்றே கணக்கில் வையுங்கள்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை. முடித்த படத்தின் நகலை ஒரே லேயராக்கி, நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். தொட்டிராத ஸ்கேனை அதன் மேல் வைத்து, கலப்பு முறையை Difference என்று மாற்றுங்கள். இரண்டும் ஒத்துப்போகிற இடம் ஏறத்தாழக் கறுப்பாகும். மாறிய இடம் வெளிச்சமாகத் தெரியும். Color முறையில் ஏற்றிய நிறம் ஒளி அளவைப் பெரிதாகக் கலைக்காது என்பதால், வெளிச்சமாக எஞ்சுபவை பழுது பார்த்த இடங்களும் உருவம் மாற்றிய இடங்களும்தான். கீறல்கள் மெல்லிய கோடுகளாகத் தெரியும். கண்ணைச் சுற்றியோ தாடையின் ஓரத்திலோ திட்டு ஒன்று தெரிந்தால், அங்கே நீங்கள் முகத்தைத் தொட்டிருக்கிறீர்கள். முகம் முழுவதும் ஒரே சீராக மினுங்கினால் தோலை வெளுப்பாக்கியிருக்கிறீர்கள். இந்தத் திரையைப் பார்த்துத்தான் குறிப்பை எழுத வேண்டும், நினைவிலிருந்து எழுதக் கூடாது.

வாக்கியம்

'டிஜிட்டல் முறையில் மேம்படுத்தப்பட்டது' என்று போடுவது எளிது. ஆனால் அதைப் படிப்பவருக்கு எதுவும் தெரியவராது. தூசி தட்டியதற்கும் அதே வாக்கியம், ஆளையே மாற்றியதற்கும் அதே வாக்கியம் என்றால் அது இருந்தும் பயனில்லை. நல்ல குறிப்பு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லும்: எதிலிருந்து செய்தது, எது மாறியது, எந்த ஆதாரத்தில் மாறியது. யார், எப்போது என்பது கடைசியில் வரலாம்.

நம் படத்துக்கு முழுக் குறிப்பு இப்படி அமையும்:

'கறுப்பு வெள்ளைக் காகிதப் பிரதியிலிருந்து ஸ்கேன் செய்து நிறம் ஏற்றிய படம். மேலாடையின் வெள்ளை, பிரதியின் சாம்பல் அளவுக்குப் பொருந்துவதால் தேர்ந்தது. தோல், பின்னணி நிறங்கள் ஊகம். நெற்றியில் இருந்த மடிப்புக் கோடு நீக்கப்பட்டது. இடது காதின் விளிம்பு வரைந்து சேர்க்கப்பட்டது. முக அமைப்பு வேறெங்கும் மாற்றப்படவில்லை. பதிப்பு 1, 2025.'

கடைசிக்கு முந்தைய வாக்கியத்தைக் கவனியுங்கள். எதை மாற்றவில்லை என்று சொல்வதும் குறிப்பின் வேலை. அது இல்லாவிட்டால் காதை வரைந்தவர் மூக்கையும் வரைந்திருப்பாரோ என்ற ஐயம் நிற்கும். ஆனால் Difference சோதனையைச் செய்யாமல் அந்த வாக்கியத்தை எழுதாதீர்கள்.

படத்தின் அடியில் ஒரு பட்டை

முழுக் குறிப்பு கோப்புக்குள் போகும். கண்ணுக்குத் தெரிய வேண்டியது அதன் சுருக்கம்: 'நிறம் 2025-இல் ஏற்றியது; தோல், பின்னணி ஊகம்.' இந்த ஊரில் மலையாளத்தில் இரண்டாவது வரி அவசியம். வாசகசாலைக்கு வருகிறவர்களில் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

பத்துக்குப் பன்னிரண்டு அங்குலம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் படம் 3000 x 3600 பிக்ஸல். அதன் அடியில் 360 பிக்ஸல் உயரத்தில் ஒரு வெளிர் பட்டை சேர்த்தால் மொத்தம் 3000 x 3960. எழுத்தின் அளவைச் சுவரில் தொங்கும் படத்தை மட்டும் நினைத்துத் தீர்மானித்தால் தவறாகிவிடும். 12 புள்ளி எழுத்து அச்சில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதே படம் ஏழு சென்டிமீட்டர் அகலக் கைப்பேசித் திரையில் வரும்போது எழுத்து மூன்று புள்ளிக்குச் சுருங்கி எறும்புச் சாரையாகிவிடும். 30 புள்ளியில் வைத்தால் கைப்பேசியில் எட்டுப் புள்ளியளவு நிற்கும். கண்ணாடி போட்டவரும் படிக்கலாம். 30 புள்ளியில் பத்து அங்குல அகலத்துக்குள் நீளமான தமிழ் வாக்கியம் அடங்காது. அதனால்தான் சுருக்கம் அவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும். அடங்காவிட்டால் எழுத்தைச் சிறிதாக்காமல் சொல்லைக் குறையுங்கள்.

பட்டையை யாரும் வெட்டி எறிந்துவிடலாமே என்பீர்கள். எறியலாம்தான். அதற்காக முகத்தின் மேல் எழுத்தைப் போட்டால் வாசகசாலைக்காரர் படத்தையே வாங்க மாட்டார். நடுவழி ஒன்று உண்டு: படத்துக்குள்ளேயே, மேலாடையின் கீழ் மூலையில், 'நிறம் ஏற்றியது' என்ற இரண்டு சொல் மட்டும். பட்டையை வெட்டினாலும் அது நிற்கும். அதையும் அழிக்கிறவர் தெரிந்தே அழிக்கிறார்; அவரைத் தடுக்கும் குறிப்பு எதுவும் இல்லை.

கோப்புக்குள் பதிவது

படக்கோப்பின் மெட்டாடேட்டாவில் விளக்கம் எழுதும் முக்கிய இடம் இரண்டு உண்டு. ஒன்று செய்தி நிறுவனங்களுக்காக ஐபிடிசி அமைப்பு வகுத்த பழைய புலங்கள்; மற்றது பிற்பாடு அடோபி கொண்டுவந்த எக்ஸ்எம்பி. இரண்டிலும் எழுதுவது நல்லது, ஏனென்றால் சில மென்பொருள் ஒன்றை மட்டுமே படிக்கும்.

தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே ஒரு குழியில் விழுவார்கள். பழைய ஐபிடிசி புலங்களுக்கு நீள வரம்பு உண்டு, அது எழுத்துக் கணக்கல்ல, பைட் கணக்கு. விளக்கப் புலத்துக்கு 2000 பைட், சிறப்புக் குறிப்புப் புலத்துக்கு 256 பைட். ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் 'க' மூன்று பைட், 'கி' ஆறு. 256 பைட்டில் ஐம்பது சொச்சம் தமிழ் எழுத்துகளே அடங்கும், மிச்சம் வெட்டுப்படும். 'முக அமைப்பு மாற்றப்படவில்லை' என்று முடிய வேண்டிய குறிப்பு 'முக அமைப்பு மாற்ற' என்று நின்றால் அர்த்தம் தலைகீழாகிவிடும். எனவே முழுக் குறிப்பை எக்ஸ்எம்பியில் வையுங்கள். அங்கே இந்த வரம்பு இல்லை. பழைய புலத்தில் சுருக்கம் மட்டும் போதும். எக்ஸ்எம்பி விளக்கத்தில் மொழிவாரியாகத் தனித்தனியே எழுதவும் முடியும்.

போட்டோஷாப்பில் File Info திறந்து தட்டச்சு செய்யலாம். எல்லாக் கோப்புக்கும் ஒரே சீராகப் பதிய எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி வசதியானது. விண்டோஸ் கட்டளைத் திரையில் நேரடியாகத் தமிழ் அடித்தால் எழுத்து கேள்விக்குறிகளாகிவிடக்கூடும். அதனால் குறிப்பை `kurippu.txt` என்ற உரைக்கோப்பில் யுடிஎஃப்-8 ஆகச் சேமித்து, அதைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு வரிக்கு ஒரு கட்டளை. மேற்கோள் குறி வேண்டாம்.

```
-codedcharacterset=utf8
-XMP-dc:Description=கறுப்பு வெள்ளைப் பிரதியிலிருந்து நிறம் ஏற்றிய படம். ...
-XMP-dc:Description-ta=கறுப்பு வெள்ளைப் பிரதியிலிருந்து நிறம் ஏற்றிய படம். ...
-IPTC:Caption-Abstract=நிறம் 2025-இல் ஏற்றியது; தோல், பின்னணி ஊகம்.
-XMP-iptcExt:DigitalSourceType=http://cv.iptc.org/newscodes/digitalsourcetype/humanEdits
```

மலையாளக் குறிப்புக்கு `-XMP-dc:Description-ml=` என்று இன்னொரு வரி. பிறகு இயக்குவதும் சரிபார்ப்பதும்:

```
exiftool -@ kurippu.txt padam.jpg
exiftool -a -G1 -s padam.jpg
```

முதல் கட்டளை பழைய கோப்பை `padam.jpg_original` என்ற பெயரில் ஒதுக்கி வைக்கும். வரம்பு மீறிய புலம் இருந்தால் வெட்டியதாக எச்சரிக்கை காட்டும். அதைப் பார்க்காமல் போய்விடாதீர்கள்.

உரைக்கோப்பில் DigitalSourceType வரியில் உள்ள முகவரிதான் மனிதருக்கும் இயந்திரத்துக்கும் பொதுவான முத்திரை. படம் எப்படி உண்டானது என்று சொல்ல ஐபிடிசி ஒரு குறியீட்டுப் பட்டியல் வைத்திருக்கிறது. மனிதக் கையால், உருவாக்கு மென்பொருள் இல்லாமல் திருத்தியது `humanEdits`. படத்தின் ஒரு பகுதியை உருவாக்கு மென்பொருள் வரைந்திருந்தால் `compositeWithTrainedAlgorithmicMedia`. இடது காதை அப்படிப்பட்ட கருவி வரைந்திருந்தால் முதல் குறியீடு பொய்யாகிவிடும். இந்தக் குறியீட்டைத் தளங்கள் படிக்கின்றன. 2024-இல் மெட்டா நிறுவனம் இதுபோன்ற குறியீடுகளைக் கண்ட படங்களுக்கு 'ஏஐ கொண்டு உருவாக்கியது' என்ற பொருளில் முத்திரை குத்தியது. ஒரு சின்னப் புள்ளியை நீக்கிய உண்மையான படங்களுக்கும் அது விழுந்ததால் புகைப்படக்காரர்கள் கொதித்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் வாசகத்தை 'ஏஐ தகவல்' என்று மாற்றினார்கள். குறியீடு ஒரு சொல்லில் சொல்வதை உங்கள் வாக்கியம் விரித்துச் சொன்னால்தான் அளவு புரியும்.

குறிப்பு எங்கே உதிரும்

ஏற்றுமதி செய்யும்போதே முதல் இழப்பு நேரும். போட்டோஷாப்பின் Save for Web திரையில் Metadata என்ற தேர்வு உண்டு. அது Copyright and Contact Info என்றிருந்தால் உங்கள் விளக்கம் போய்விடும். All என்று மாற்ற வேண்டும். Export As திரையில் All என்ற தேர்வே கிடையாது. அதனால் ஏற்றுமதி செய்து முடித்த கோப்பில் கடைசியாக எக்ஸிஃப்டூலை இயக்குவதே பத்திரம்.

இரண்டாவது இழப்பு வாட்ஸ்அப்பில். படமாக அனுப்பினால் அது கோப்பைச் சுருக்கி, மெட்டாடேட்டாவை உரித்துவிடும். Document என்று அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும். ஆனால் பெற்றவர் அடுத்தவருக்குப் படமாக அனுப்பினால் அங்கேயே முடிந்தது. ஸ்கிரீன்ஷாட்டிலும் எதுவும் தங்காது. மெட்டாடேட்டா அச்சகம், நூலகம், ஆவணக் காப்பகம் போன்ற இடங்களுக்கான குறிப்பு. தெருவுக்கான குறிப்பு பட்டையில் இருப்பதுதான். இரண்டில் ஒன்று போதும் என்று நினைப்பவர்கள் எப்படியும் ஒரு வாசகரை இழப்பார்கள்.

மெட்டாடேட்டாவை யாரும் மாற்றி எழுதலாம் என்பதையும் மறக்க வேண்டாம். அது நீங்கள் கொடுக்கும் வாக்குமூலம். தன்னளவில் சாட்சியம் ஆகாது. தொடாத ஸ்கேனும் லேயர் கோப்பும் உங்கள் வட்டில் இருக்கும்வரைதான் அந்த வாக்குமூலத்துக்கு வலு.

வீட்டுப் படங்கள்

ஸ்டுடியோவுக்கு வரும் வேலைகளில் பெரும்பகுதி மறைந்தவர்களின் படங்கள்தான். 'அம்மாவைக் கொஞ்சம் வெளுப்பா ஆக்கித் தாங்க அண்ணாச்சி' என்று மகன் கேட்பார். பழைய தட்டு முகத்தைக் கறுப்பாக்கியிருக்கலாம் என்று மேலே பார்த்தோம். அதை ஈடுசெய்வது ஒன்று, அம்மாவுக்கு இல்லாத நிறத்தைக் கொடுப்பது வேறொன்று. அம்மாவின் மற்றொரு வண்ணப் படமோ, கூடப் பிறந்தவரின் படமோ கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு மேலும் வெளுக்கச் சொன்னால் செய்யலாம். குறிப்பில் 'குடும்பத்தார் விருப்பப்படி தோல் நிறம் வெளுப்பாக்கப்பட்டது' என்று இருக்க வேண்டும்.

மாலை போட்டு விளக்கேற்றும் படத்தின் முன்பக்கத்தில் இதை எழுத யாருக்கும் மனம் வராது, எழுதவும் வேண்டாம். வீட்டார் எல்லோருக்கும் விஷயம் தெரியும். சட்டத்தின் பின்பலகையில் முழுக் குறிப்பை அச்சிட்டு ஒட்டுங்கள். ஐம்பது வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைகள் சட்டத்தைக் கழற்றும்போது அங்கேதான் பார்ப்பார்கள். அதே படம் நினைவஞ்சலி விளம்பரமாகப் பத்திரிகைக்கோ, கண்ணீர் அஞ்சலி அட்டையாகக் கைப்பேசிக்கோ போகும்போது மட்டும் மூலையில் 'நிறம் ஏற்றியது' வரட்டும்.

குங்குமம் பற்றிப் பிரத்தியேகமாக ஒரு எச்சரிக்கை. கறுப்பாகத் தெரிகிற பொட்டைக் கறுப்பாகவே விட்டுவிடுவது பாதுகாப்பானதாகத் தோன்றும். வண்ணப் படத்தில் மற்ற எல்லாமே நிறம் பெற்றிருக்கையில் அது கறுப்புச் சாந்து என்றே படிக்கப்படும். வீட்டாரிடம் கேளுங்கள், தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் எந்த நிறம் வைத்தாலும் 'ஊகம்' என்று எழுதுங்கள்.

குறிப்பு போட்டாலும் செய்யக் கூடாதவை

பாஸ்போர்ட் படத்தில் எந்தத் திருத்தமும் ஏற்கப்படாது. குறிப்பு எழுதியும் பயனில்லை. செய்திப் படமும் அப்படியே. 2024 மார்ச்சில் வேல்ஸ் இளவரசி கேட் தம் குழந்தைகளுடன் இருக்கும் படம் வெளியானபோது, திருத்தப்பட்ட தடயம் கண்டு ஏபி, ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி உள்ளிட்ட செய்தி நிறுவனங்கள் அதைத் திரும்பப் பெற்றன. மறுநாள் தாமே திருத்தியதாக அவர் சொன்னார். குழந்தையின் சட்டைக் கை பொருந்தாமல் இருந்தது போன்ற சின்னச் சின்ன மாற்றங்கள்தான்; ஆனால் செய்தியாக வந்த படம் அது.

தேர்தல் சுவரொட்டிக்குத் தனி விதி. 2025 அக்டோபர் 24 அன்று இந்தியத் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு அனுப்பிய அறிவுரைப்படி, செயற்கையாக உருவாக்கிய அல்லது மாற்றிய பிரசாரப் படத்தில், கண்ணுக்குத் தெரியும் பரப்பில் குறைந்தது 10 சதவீதத்தை முத்திரை பிடிக்க வேண்டும். உருவாக்கியவர் பெயர் மெட்டாடேட்டாவிலோ விளக்கத்திலோ வர வேண்டும். வேட்பாளர் படம் கேட்டு வருகிறவரிடம் இதைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நம் பட்டை மொத்தப் பரப்பில் சுமார் 9 சதவீதம்; அங்கே 400 பிக்ஸலாக உயர்த்தினால் கணக்குச் சரியாகும்.

சமூக ஊடகங்களுக்கு, 2026 பிப்ரவரி 20 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்ப விதித் திருத்தம் செயற்கைப் படங்களுக்கு முத்திரை இடும் பொறுப்பைத் தளங்கள் மேல் வைக்கிறது. நிறச் சமன், கீறல் நீக்கம் போன்ற நல்லெண்ணத்தோடு செய்யும் வழக்கமான திருத்தங்களுக்கு அதில் விலக்கு உண்டு. விலக்கு இருக்கிறதே என்று குருவின் ஆடையைக் காவியாக்கிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. சட்டம் கேட்காத இடத்தில்தான் இந்த அத்தியாயத்தின் குறிப்புக்கு வேலை.

பதிப்பு எண்

குறிப்பின் கடைசியில் 'பதிப்பு 1' என்று போட்டோம். வாசகசாலையில் படத்தைப் பார்த்த முதியவர் ஒருவர், அதே புகைப்படத்தின் இன்னொரு பிரதி தம் வீட்டில் இருப்பதாகவும், அதன் பின்னால் எடுத்த ஆண்டு மையில் எழுதியிருப்பதாகவும் சொல்லலாம். ஆண்டு 1918-க்குப் பிற்பட்டதானால் வெள்ளை என்ற தேர்வை மறுபடி எடைபோட வேண்டும். மாற்றினால் குறிப்பில் 'பதிப்பு 2: பிரதியின் பின்புறத் தேதியை ஒட்டி மேலாடை நிறம் மாற்றப்பட்டது' என்று சேருங்கள். மாற்றாவிட்டாலும் அந்தத் தேதியைப் பற்றி ஒரு வரி சேருங்கள். ஊரெங்கும் போய்விட்ட முதல் பதிப்பைத் திரும்ப வாங்க முடியாது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவருக்கு எது பிந்தியது, ஏன் மாறியது என்று தெரிந்தால் போதும். உங்கள் வட்டில் முதல் பதிப்பின் கோப்பையும் அழிக்காமல் வையுங்கள். நாளை யாராவது அதைக் கொண்டுவந்து கேட்டால் எடுத்துக் காட்ட அது வேண்டும்.